ஒரு லேத்துக்கு இரண்டு தேய்மானக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனைச் சுற்றி ஜேக்கப்ஸ், பைன்டவுன், ஃபீனிக்ஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் கணக்காளரைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களிலும் ஒரே இயந்திரம்தான்: 660 000 ரேண்ட் அடக்கவிலையுள்ள ஒரு சிஎன்சி லேத். ஐந்து ஆண்டு உழைப்பு, அதற்குள் 12 000 மணி ஓட்டம், அதன் பிறகு விற்றால் 60 000 ரேண்ட் தேறும் என்று எதிர்பார்ப்பு.

தேய்மானம்னா மெஷின் விலை வருஷா வருஷம் குறையறதுதானே? அதுக்கு எதுக்கு இத்தனை முறை?

சந்தையில் விலை எவ்வளவு குறைந்தது என்று தேய்மானம் பார்ப்பதில்லை. இயந்திரத்துக்குப் போட்ட பணத்தில் திரும்பி வராத பகுதியை, அது உழைக்கும் காலத்துக்குப் பிரித்துச் செலவாக எழுதுவதுதான் தேய்மானம். நம் லேத்தில் அந்தப் பகுதி 660 000 கழித்தல் 60 000, அதாவது 600 000 ரேண்ட். எந்த முறையில் போனாலும் ஐந்து ஆண்டு முடிவில் மொத்தம் இதே 600 000தான். எந்த ஆண்டின் தலையில் எவ்வளவு விழுகிறது என்பது மட்டுமே மாறும்.

இங்கே ஒப்பிடுவது இரண்டு முறைகளை. ஆண்டு இலக்கக் கூட்டல் முறை காலத்தைப் பார்த்து, முதல் ஆண்டுகளில் அதிகமாக எழுதும். உற்பத்தி அலகு முறை நாட்காட்டியைப் பார்ப்பதே இல்லை. எவ்வளவு ஓடியதோ அவ்வளவு எழுதும்.

பில்லுல 687 700 ரேண்ட்னு இருக்கு. நீங்க 660 000னு சொல்றீங்க. எது சரி?

687 700இல் 15 விழுக்காடு வாட் அடங்கியிருக்கிறது. நீங்கள் வாட் பதிவு பெற்றவர் என்றால் அந்த 89 700 ரேண்ட் வரித்துறையான சார்ஸிடமிருந்து திரும்பிவரும். அதனால் இயந்திரத்தின் விலை 598 000. இதோடு துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து கிரேன் வைத்து இறக்கிய 32 000, மின்கம்பி இழுத்து மட்டம் பார்த்து நிறுத்திய 24 000, சோதனை ஓட்டத்துக்கான 6 000 ஆகியவற்றைச் சேர்த்தால் 660 000. வாட் பதிவு இல்லாதவருக்கு அந்த வரியும் அடக்கவிலையிலேயே சேரும்.

ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்த செலவு இதில் சேராது. அது அந்த ஆண்டின் செலவு. பலர் அதையும் சேர்த்து எழுதிவிட்டு, ஆண்டு முடிவில் தணிக்கையாளர் பிரித்தெடுக்கும்போது மொத்தக் கணக்கையும் திருப்பிப் போடுகிறார்கள்.

ஆண்டு இலக்கக் கூட்டல்ல 15ன்னு ஒரு நம்பர் வருதே, அது எங்கிருந்து வந்தது?

ஐந்து ஆண்டு என்பதால் 5 + 4 + 3 + 2 + 1 = 15. முதல் ஆண்டுக்கு 15இல் 5 பங்கு, இரண்டாம் ஆண்டுக்கு 4 பங்கு, கடைசி ஆண்டுக்கு 1 பங்கு. 600 000ஐ 15ஆல் வகுத்தால் ஒரு பங்கு 40 000 ரேண்ட். ஆகவே 200 000, 160 000, 120 000, 80 000, 40 000 என்று இறங்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, குறைந்துசெல் மதிப்பு முறையில் செய்வதுபோல அடக்கவிலையில் அதுவரை எழுதிய தேய்மானம் போக மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பைப் பிடித்து 4/15ஆல் பெருக்குவது. இந்த முறையில் பின்னம் மட்டுமே மாறும். பெருக்கப்படும் தொகை எல்லா ஆண்டும் அதே 600 000. ஐந்து ஆண்டையும் கூட்டி 600 000 வரவில்லை என்றால் இந்தத் தவறுதான் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

உற்பத்தி அலகுக்கு 12 000 மணின்னு வச்சிருக்கீங்க. அதை யார் சொன்னது? மெஷின் கம்பெனிக்காரன் 30 000 மணி ஓடும்ங்கிறான்.

அவர் சொல்வது இயந்திரத்தால் எவ்வளவு ஓட முடியும் என்பதை. கணக்குக்கு வேண்டியது உங்கள் பட்டறையில், நீங்கள் வைத்திருக்கப்போகும் காலத்தில், அது எவ்வளவு ஓடும் என்பது. வாரம் 45 மணி, ஆண்டுக்கு 48 வாரம் என்றால் ஒரு ஷிஃப்ட் 2 160 மணி, இரண்டு ஷிஃப்ட் 4 320 மணி. அதில் செட்டிங், பொருள் ஏற்றி இறக்குவது, கருவி மாற்றுவது எல்லாம் போக இந்தப் பட்டறையில் லேத் உண்மையில் ஓடுவது சுமார் 55 விழுக்காடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 400 மணி வருகிறது. ஐந்து ஆண்டுக்கு 12 000. 600 000ஐ இதனால் வகுத்தால் மணிக்கு 50 ரேண்ட்.

30 000ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரேண்ட்தான் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐந்து ஆண்டு முடிந்து 12 000 மணியில் நிற்கும்போது 240 000 மட்டுமே எழுதியிருப்பீர்கள். 60 000க்கு விற்கவேண்டிய இயந்திரம் ஏட்டில் 420 000 என்று உட்கார்ந்திருக்கும்.

எந்த மீட்டரைப் பார்த்து மணி எழுதறது? ஸ்கிரீன்ல மூணு நாலு நேரம் காட்டுது.

ஃபானுக் கட்டுப்பாடு உள்ள லேத்தில் `POWER ON`, `OPERATING TIME`, `CUTTING TIME` என்று தனித்தனியாக வரும். முதலாவது சுவிட்ச் போட்டிருந்த நேரம். ஆபரேட்டர் தேநீர் குடிக்கப் போனாலும் அது ஏறிக்கொண்டேயிருக்கும், ஆகவே உதவாது. மூன்றாவது கருவி உலோகத்தை அறுக்கும் ஊட்டத்தில் நகர்ந்த நேரம் மட்டும். இரண்டாவது, நிரல் தானியங்கியாக ஓடிய நேரம். நிறுத்தி வைத்த நேரம் அதில் சேராது.

எங்கள் கருத்தில் `OPERATING TIME`தான் பொருத்தம். வேகமாக நகரும்போதும் ஸ்லைடும் பால்ஸ்க்ரூவும் தேயத்தான் செய்கின்றன. ஒரு வேலைக்கு எடுக்கும் நேரத்தோடும் இது ஒத்துப்போகும். எதை எடுத்தாலும் 12 000 என்ற மதிப்பீட்டையும் அதே மீட்டரில்தான் போட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன 55 விழுக்காடு நிரல் ஓடும் நேரத்துக்கானது. அதை வைத்துக்கொண்டு மாதாமாதம் `POWER ON` எண்ணை எழுதினால் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

மீட்டர் எண்ணை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு நோட்டில் எழுதி, திரையைப் புகைப்படமும் எடுத்து வையுங்கள். இந்த எண்கள் பேட்டரியின் தயவில் நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. திரையில் `BAT` என்று மின்னத் தொடங்கிய பிறகும் மாற்றாமல் விட்டு, மின்சாரமும் நீண்ட நேரம் போனால், அளவுருக்களோடு மீட்டரும் அழியும். பேட்டரியை இயந்திரத்துக்கு மின்சாரம் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். துண்டு எண்ணிக்கையை அலகாக வைப்பது ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்துக்குச் சரி. இன்று புஷ், நாளை நீண்ட ஷாஃப்ட் என்று வேலை மாறும் பட்டறைக்கு மணிதான் நியாயம்.

மணிக்குப் பதிலா வருமானத்தை வச்சுக்கலாமா? இந்த மெஷின் இவ்வளவு பில் போட்டதுன்னு கணக்கு கைவசம் இருக்கு.

கூடாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐ.ஏ.எஸ். 16இல் 62ஏ என்ற பத்தி இதைத் தடுக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் எளிது: நீங்கள் விலையை ஏற்றினால் வருமானம் ஏறும், அதற்காக லேத் கூடுதலாகத் தேய்வதில்லை.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்களேன்.

| ஆண்டு | ஓடிய மணி | இலக்கக் கூட்டல் | உற்பத்தி அலகு |
|---|---|---|---|
| 1 | 1 600 | 200 000 | 80 000 |
| 2 | 2 900 | 160 000 | 145 000 |
| 3 | 3 100 | 120 000 | 155 000 |
| 4 | 1 900 | 80 000 | 95 000 |
| 5 | 2 500 | 40 000 | 125 000 |
| மொத்தம் | 12 000 | 600 000 | 600 000 |

முதல் ஆண்டைப் பாருங்கள். புது இயந்திரம், ஆபரேட்டர் பழகிக்கொண்டிருக்கிறார், ஆர்டரும் மெதுவாகத்தான் வருகிறது. மிகக் குறைவாக ஓடிய அந்த ஆண்டில் இலக்கக் கூட்டல் முறை மிக அதிகமான செலவைப் போடுகிறது. மூன்றாம் ஆண்டில் லேத் முதுகொடிய ஓடுகிறது, செலவோ 120 000தான்.

இதற்காக இலக்கக் கூட்டல் முறை தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் ஆண்டுகளில் பழுது செலவு குறைவு, பிறகு பேரிங், சீல், பெல்ட் என்று ஏறும். தேய்மானம் இறங்க, பழுது ஏற, இரண்டும் சேர்ந்து ஆண்டுச் செலவு ஓரளவு சமமாக நிற்கும் என்பதுதான் அதன் தத்துவம். கட்டுப்பாட்டுக் கருவி சீக்கிரம் பழசாகிவிடும் லேசர் வெட்டும் இயந்திரம், அளவுபார்க்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு அது உண்மைக்கு நெருக்கமாக வருகிறது. ஓடினால்தான் தேயும் லேத்துக்கு, மீட்டரும் ஒழுங்காக இருக்கிறதென்றால், உற்பத்தி அலகு முறைதான் எங்கள் தேர்வு.

வேலைக்குக் கொட்டேஷன் போடும்போது இது எப்படி உதைக்கும்?

உண்மையில் அடி விழுவது இங்கேதான். 30 மணி லேத்தில் ஓடும் ஒரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி அலகு முறையில் எந்த ஆண்டு வந்தாலும் தேய்மானப் பங்கு 1 500 ரேண்ட்தான். இலக்கக் கூட்டலில் முதல் ஆண்டு 200 000ஐ 1 600 மணியால் வகுத்தால் மணிக்கு 125, அந்த வேலைக்கு 3 750 ரேண்ட். ஐந்தாம் ஆண்டில் 40 000ஐ 2 500ஆல் வகுத்தால் மணிக்கு 16, அதே வேலைக்கு 480 ரேண்ட்.

முதல் ஆண்டில் விலை அதிகம் சொல்லி வாடிக்கையாளரைப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்புவீர்கள். கடைசி ஆண்டில் மலிவாகச் சொல்லி, அடுத்த லேத் வாங்கப் பணம் சேராமல் நிற்பீர்கள். ஏட்டில் இலக்கக் கூட்டல் முறையே இருக்கட்டும் என்றாலும், கொட்டேஷனுக்கு மணிக்கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வதில் தடையில்லை.

நாங்க ஜூன்ல மெஷினைக் கொண்டுவந்து பொருத்தினோம், வருஷக் கணக்கு பிப்ரவரியில முடியுது. முதல் வருஷம் எவ்வளவு போடறது?

உற்பத்தி அலகில் இந்தக் கேள்வியே எழாது. பிப்ரவரி வரை ஓடிய மணியை 50ஆல் பெருக்கினால் முடிந்தது.

இலக்கக் கூட்டலில்தான் கவனம் தேவை. ஜூன் 1 முதல் பிப்ரவரி முடிய 9 மாதம். முதல் கணக்காண்டுக்கு 200 000இல் 9/12, அதாவது 150 000. இரண்டாம் கணக்காண்டில் பலர் நேராக 160 000 என்று எழுதிவிடுகிறார்கள். இயந்திரத்தின் முதல் ஆண்டில் இன்னும் 3 மாதம் பாக்கி இருக்கிறது: அதற்கு 50 000. இரண்டாம் ஆண்டின் 9 மாதத்துக்கு 120 000. இரண்டும் சேர்ந்து 170 000. அடுத்தடுத்து 130 000, 90 000, 50 000 வந்து, ஆறாவது கணக்காண்டின் 3 மாதத்துக்கு 10 000 மிஞ்சும். குறையவேண்டிய தேய்மானம் இரண்டாம் கணக்காண்டில் ஏறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது சரிதான்.

நாள் தொடங்குவது இயந்திரம் ஓடுவதற்குத் தயாராக நின்ற நாளிலிருந்து. பில் போட்ட நாளும் அல்ல, முதல் ஆர்டர் வந்த நாளும் அல்ல.

லோட் ஷெடிங்ல மாசக்கணக்கா பாதி நாள் சும்மா நின்னுச்சு. அந்த நாளுக்கும் தேய்மானம் போடணுமா அண்ணா?

இலக்கக் கூட்டலில் போட்டே ஆக வேண்டும். இயந்திரம் சும்மா நின்றாலும் காலம் சார்ந்த தேய்மானம் நிற்பதில்லை. உற்பத்தி அலகில் ஓடாத மணிக்குத் தேய்மானம் இல்லை. ஒரு மாதம் முழுக்க ஓடவில்லை என்றால் அந்த மாதம் பூஜ்யம் என்று எழுதுவதை ஐ.ஏ.எஸ். 16உம் ஏற்கிறது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பல பட்டறைகளின் லாபக் கணக்கில் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் பூஜ்யம் எழுதியதோடு கடமை முடியவில்லை. இயந்திரம் நின்றதற்குக் காரணம் மின்சாரமா, வேலையே வரவில்லையா என்று பாருங்கள். வேலை திரும்பி வரப்போவதில்லை என்றால், ஏட்டு மதிப்பு உண்மையில் மீளுமா என்று மதிப்பிழப்புச் சோதனை செய்ய வேண்டும். உற்பத்தி அலகு முறையின் பலவீனமே இதுதான்: ஓடாத இயந்திரம் ஏட்டில் புத்தம் புதிதாகவே இருக்கும்.

எங்களுக்கு மெஷின் வருஷத்துக்கு 600 மணிதான் ஓடுது. அப்போ 12 000 மணி முடிய இருபது வருஷம் ஆகுமே?

ஆகும். அதனால்தான் உங்களுக்கு 12 000 பொருந்தாது. இருபது ஆண்டில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உதிரிப் பலகை கிடைக்காமல் போய்விடும். பத்து ஆண்டுதான் வைத்திருப்பீர்கள் என்றால் மொத்த மணி 6 000. எஞ்சிய மதிப்பு அதே 60 000 என்றே வைத்தாலும் மணிக்கு 100 ரேண்ட் வருகிறது. வகுக்கும் எண் எப்போதும் நீங்கள் எதிர்பார்க்கும் மணி என்று 30 000 பற்றிய கேள்வியில் சொன்னது இங்கேயும் செல்லும். இவ்வளவு குறைவாக ஓடும் இயந்திரம் காலத்தால்தான் பழசாகிறது, ஓட்டத்தால் அல்ல. காலம் சார்ந்த முறையே உங்களுக்கு நேர்மையானது.

மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா நம்ம மதிப்பீடு தப்புன்னு தெரியுது. பழைய வருஷத்தைத் திருத்தணுமா?

வேண்டாம். மதிப்பீடு மாறினால் இனிமேல் வரும் ஆண்டுகளை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றாண்டு முடிவில் 7 600 மணி ஓடி 380 000 எழுதியிருக்கிறீர்கள், 220 000 பாக்கி. சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, மிச்சம் 4 400 அல்ல, 5 500 மணி ஓடும் என்கிறார். 220 000ஐ 5 500ஆல் வகுங்கள். இனி மணிக்கு 40 ரேண்ட்.

இலக்கக் கூட்டலில் அதே நேரத்தில் 480 000 எழுதியாகிவிட்டது, பாக்கி 120 000. இரண்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு உழைக்கும் என்றால் புது இலக்கங்கள் 3 + 2 + 1 = 6. ஆகவே 60 000, 40 000, 20 000. பழைய 15ஐ இதற்குள் இழுத்துவராதீர்கள்.

மதிப்பீட்டை மாற்றாமலே 12 000ஐத் தாண்டி ஓடினால் அதோடு நிறுத்த வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 2 700 மணி ஓடியிருந்தாலும் பாக்கி 125 000தான், 135 000 அல்ல. அப்படி நடந்தால் முந்தைய ஆண்டு முடிவில் யாரும் மதிப்பீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ரெண்டு வருஷத்துல 330 000க்கு வித்துட்டோம். எந்த முறைன்னா லாபம்?

இலக்கக் கூட்டலில் ஏட்டு மதிப்பு 300 000, ஆகவே 30 000 லாபம் காட்டும். உற்பத்தி அலகில் ஏட்டு மதிப்பு 435 000, ஆகவே 105 000 நட்டம். ஆனால் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 360 000 கழித்தல் 30 000, இந்தப் பக்கம் 225 000 கூட்டல் 105 000. இரண்டுமே 330 000. இயந்திரம் உங்களுக்கு வைத்த செலவு ஒன்றேதான்.

இப்படி இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், முதலிலேயே ஆயுளை ஐந்து என்றும் எஞ்சிய மதிப்பை 60 000 என்றும் போட்டதுதான் கோளாறு.

சார்ஸ் எந்த முறையை ஒத்துக்கும்?

இரண்டையும் கேட்காது. உற்பத்தியில் நேரடியாக ஓடும் புது இயந்திரத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12சி பிரிவு தானே விகிதம் வைத்திருக்கிறது: முதல் ஆண்டு 40, அடுத்த மூன்று ஆண்டும் 20 விழுக்காடு. மாதம் பார்த்துக் குறைப்பதில்லை, எஞ்சிய மதிப்பும் கழிப்பதில்லை. நம் லேத்துக்கு 264 000, பிறகு மூன்று முறை 132 000. பழைய இயந்திரம் வாங்கினால் ஐந்து ஆண்டுக்கு 20 விழுக்காடு. சிறுதொழில் நிறுவனத் தகுதி உள்ளவர்கள் 12இ பிரிவில் உற்பத்தி இயந்திரத்தை முதல் ஆண்டிலேயே முழுதும் கழித்துக்கொள்ளலாம்.

ஏட்டுக்கும் வரிக்கும் இடையிலான இடைவெளி கம்பெனிகளுக்குப் பின்னாளில் கட்டவேண்டிய ஒத்திவைத்த வரியாக வந்து நிற்கும். 12சி வழியில் முதல் ஆண்டு முடிவில் வரிக்கணக்கில் மிச்சம் 396 000. உற்பத்தி அலகில் ஏட்டு மதிப்பு 580 000. வித்தியாசம் 184 000, அதில் கம்பெனி வரி விகிதமான 27 விழுக்காடு 49 680 ரேண்ட். இலக்கக் கூட்டலில் ஏட்டு மதிப்பு 460 000 என்பதால் அதே எண் 17 280தான். இலக்கக் கூட்டல் வரியைக் குறைக்கிறது என்று சிலர் சொல்வது இதைப் பார்த்துத்தான். கட்டவேண்டிய வரி இரண்டிலும் ஒன்றே.

எக்செல்ல போட முடியுமா?

இலக்கக் கூட்டலுக்குத் தனிச் சார்பே இருக்கிறது. உற்பத்தி அலகுக்கு இல்லை, நாமே எழுத வேண்டும். B2இலிருந்து மணி, C2இலிருந்து தேய்மானம், முதல் வரிசை தலைப்பு என்று வைத்தால்:

```
=SYD(660000,60000,5,1)
=MIN(600000/12000*B2,600000-SUM(C$1:C1))
```

முதல் வரியின் கடைசி எண்தான் ஆண்டு. அது 200000 என்று காட்ட வேண்டும். இரண்டாவது வரி C2க்கு. அதை அப்படியே கீழே இழுத்தால் 600 000ஐத் தாண்டாமல் தானே நின்றுவிடும். தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினியில் காற்புள்ளி தசமத்துக்குப் போய்விடுவதால் சூத்திரம் பிழை காட்டலாம். அப்போது காற்புள்ளி இருக்கும் இடத்திலெல்லாம் `;` போடுங்கள். `SYD` முழு ஆண்டுகளை மட்டுமே அறியும், ஆகவே ஜூனில் தொடங்கிய இயந்திரத்துக்கு 9/12, 3/12 பிரிப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும்.